நூற்றைந்து ரூபாய்க்கு முடங்கும் கணக்கு

2024இல் டெல்லி உயர் நீதிமன்றத்துக்கு ஒரு வழக்கு வந்தது. வழக்குத் தொடுத்தவர் சோலே பட்டூரே விற்றுப் பிழைப்பவர். அவரிடம் சாப்பிட்ட யாரோ ஒருவர் செலுத்திய 105 ரூபாய், எங்கோ நடந்த இணைய மோசடியில் பறிபோன பணத்தின் ஒரு துணுக்கு என்று காவல்துறை கண்டது. உடனே அவருடைய வங்கிக் கணக்கு முழுவதும் முடங்கியது. கணக்கில் இருந்ததோ ஒரு லட்சத்து இருபதாயிரத்துக்கும் மேல். மோசடியில் அவருக்குப் பங்கு உண்டு என்று யாரும் சொல்லவில்லை. அந்த 105 ரூபாயை மட்டும் நிறுத்திவைத்துவிட்டு மற்றதை அவர் எடுத்துக்கொள்ளலாம் என்று நீதிமன்றம் உத்தரவிட்டது.

இந்த உத்தரவைப் பெற ஒரு தெருவோர வியாபாரி உயர் நீதிமன்றம் வரை போக வேண்டியிருந்தது. கணக்கை முடக்குவதற்கும் கணக்கில் ஒரு தொகையை மட்டும் பிடித்துவைப்பதற்கும் உள்ள வேறுபாடு தொடக்கத்திலேயே மதிக்கப்பட்டிருந்தால் அந்த வழக்கே வந்திருக்காது. அந்த வேறுபாட்டைத் தெரிந்துவைத்திருப்பது இன்று கியூஆர் அட்டை மாட்டிய ஒவ்வொரு கடைக்காரருக்கும் தேவை.

வங்கி ஒரு கணக்கை நிறுத்துவதற்குப் பல காரணங்கள் உண்டு. அவற்றில் பெரும்பாலானவை சிக்கலற்றவை. கேஒய்சி ஆவணங்களைக் காலத்தில் புதுப்பிக்காவிட்டால் வங்கி பணம் எடுப்பதை நிறுத்தும். ஆதாரும் பான் அட்டையும் கொண்டு கிளைக்குப் போனால் தீர்ந்துவிடும். இரண்டு ஆண்டுகளுக்கு மேல் வாடிக்கையாளர் எந்தப் பரிவர்த்தனையும் செய்யாவிட்டால் கணக்கு செயலற்றதாகிவிடும். கணக்கு வைத்திருப்பவர் இறந்த செய்தி வந்தாலும் வங்கி நிறுத்தும். வருமான வரித்துறை, ஜிஎஸ்டி துறை, வருங்கால வைப்பு நிதி அலுவலகம் ஆகியவை நிலுவைக்காக வங்கிக்கு ஆணை அனுப்ப முடியும். கடன் வழக்கில் தீர்ப்புப் பெற்றவர் உரிமையியல் நீதிமன்றத்தின் வழியாகக் கணக்கைப் பிடிக்கலாம். இவை எல்லாவற்றிலும் பொதுவாக ஒரு தாள் இருக்கும், அதில் ஒரு தொகையும் ஓர் அலுவலகத்தின் பெயரும் இருக்கும். எங்கே போய்ப் பேச வேண்டும் என்பது தெரிந்துவிடும்.

இணைய மோசடிப் புகாரினால் வரும் முடக்கம் அப்படிப்பட்டதல்ல. கணக்கு வைத்திருப்பவர் எந்த நிலுவையும் வைத்திருக்க மாட்டார்; புகார் கொடுத்தவரை அவருக்குத் தெரியாது; புகாரை விசாரிக்கும் காவல் நிலையம் ஆயிரம் கிலோமீட்டர் தள்ளி இருக்கலாம். யுபிஐ பரவிய பிறகு சாதாரண மக்களை அதிகம் அலைக்கழிப்பது இதுதான் என்பதால் இந்த ஒன்றை மட்டும் விரிவாகப் பார்க்கலாம்.

மோசடிக்கு ஆளானவர் 1930 என்ற எண்ணில் அழைக்கிறார், அல்லது தேசிய சைபர் குற்றப் புகார்த் தளத்தில் பதிகிறார். உள்துறை அமைச்சகத்தின் கீழ் இயங்கும் ஓர் அமைப்பு வங்கிகளையும் காவல்துறையையும் ஒரே கணினி வலையில் இணைத்து வைத்திருக்கிறது. புகார் பதிவானதும் ஓர் ஒப்புகை எண் உருவாகி, பணம் போய்ச் சேர்ந்த வங்கிக்கு உடனே தகவல் போகிறது. பணம் இன்னும் அங்கே இருந்தால் வங்கி அதை நிறுத்துகிறது. கிளம்பிவிட்டிருந்தால் அடுத்து எந்தக் கணக்குக்குப் போனது என்று சொல்கிறது. தகவல் அந்த வங்கிக்குப் போகிறது. இப்படி ஒவ்வொரு படியாகப் பணத்தைத் துரத்துகிறார்கள். ஒவ்வொரு படியையும் 'லேயர்' என்பது விசாரணை அதிகாரிகளின் வழக்கம்.

இந்த வேகம் தேவையானது. ஏமாற்றப்பட்டவரின் பணம் சில நிமிடங்களில் பத்துக் கணக்குகளாகச் சிதறிவிடுகிறது. நீதிமன்ற ஆணைக்குக் காத்திருந்தால் ஒரு ரூபாயும் மிஞ்சாது. ஓய்வூதியப் பணம் முழுவதையும் இழந்த ஒருவரின் இடத்திலிருந்து பார்த்தால், சந்தேகப்படும் பணத்தை முதலில் நிறுத்திவிட்டுப் பிறகு விசாரிப்பதே நியாயம். குறை அந்தப் பணத்தோடு கணக்கு முழுவதையும் சேர்த்து நிறுத்துவதில்தான் இருக்கிறது.

ஓர் எடுத்துக்காட்டை வைத்துக்கொள்வோம். ஜெய்ப்பூரில் ஒருவர் போலிப் பங்கு வர்த்தகச் செயலியில் 1,00,000 ரூபாய் இழக்கிறார். பணம் போய்ச் சேர்ந்த முதல் கணக்கு வாடகைக்கு விடப்பட்ட கணக்கு. அங்கிருந்து 60,000 ஒரு பக்கமும் 40,000 இன்னொரு பக்கமும் போகின்றன. அந்த நாற்பதாயிரத்திலிருந்து 18,000 மூன்றாவது கணக்குக்குப் போகிறது. அந்த மூன்றாம் ஆள் திருப்பூரில் ஒரு மொத்த வியாபாரியிடம் 6,500 ரூபாய்க்குப் பனியன் வாங்கி யுபிஐயில் பணம் அனுப்புகிறார். திருப்பூர் வியாபாரி நான்காவது லேயர். அவருடைய கணக்கில் அன்று 3,12,000 ரூபாய் இருக்கிறது.

வங்கி லியன் மட்டும் போட்டால், அதாவது வந்த தொகையை மட்டும் பிடித்துவைத்தால், 6,500 ரூபாய் நின்றுவிடும். கணக்கில் காட்டும் மொத்த இருப்பு மாறாது. எடுக்கக்கூடிய இருப்பு 3,05,500 ஆகக் குறையும். அவர் கூலி கொடுக்கலாம், நூல் வாங்கலாம், தவணை கட்டலாம். பிடிக்கப்பட்ட தொகை வேறெங்கும் போய்விடவில்லை. அவர் பெயரிலேயே, தொட முடியாமல் இருக்கிறது. முடக்கினால் நிலைமை வேறு. 3,12,000 ரூபாயில் ஒரு ரூபாய்கூட வெளியே போகாது. தவணை திரும்பும், கொடுத்த காசோலை திரும்பும், ஜிஎஸ்டி கட்டும் நாள் தாண்டும். பெரும்பாலும் நடப்பது பற்று முடக்கம்: வெளியே போகும் வழி மட்டும் அடைபட்டு, உள்ளே வரும் பணம் வந்துகொண்டே இருக்கும். இதைக் கவனிக்காதவர்கள் வாடிக்கையாளர்களின் பணத்தையெல்லாம் அதே கணக்கில் வாங்கித் தாங்களே இன்னும் ஆழமாகச் சிக்கிக்கொள்கிறார்கள். முழு முடக்கம் என்றால் உள்ளே வரும் பணமும் திருப்பி அனுப்பப்படும்.

லியனிலும் ஒரு கொடுமை உண்டு. மேலே சொன்ன வியாபாரியின் கணக்கில் 2,000 ரூபாய்தான் இருந்தது என்று வைத்துக்கொள்வோம். 6,500க்கு லியன் போட்டதும் எடுக்கக்கூடிய இருப்பு கழித்தல் 4,500 என்று காட்டும். அடுத்து 4,000 ரூபாய் வந்தால் அதுவும் பிடிபட்டு, இன்னும் 500 ரூபாய் குறையாகவே நிற்கும். சம்பளக் கணக்கில் இப்படி நேரும்போது பணத்தை யாரோ திருடிவிட்டார்கள் என்றே பலர் நினைக்கிறார்கள். ஒரே கணக்கின்மேல் வெவ்வேறு மாநிலங்களிலிருந்து இரண்டு மூன்று லியன்கள் விழுவதும் உண்டு. ஒவ்வொன்றுக்கும் தனித்தனி ஒப்புகை எண் இருக்கும். ஒன்றைத் தீர்த்தால் மற்றது தானாகத் தீராது.

உங்கள் கணக்குக்கு நேர்ந்தது எது என்பதை வீட்டிலிருந்தே ஓரளவு கண்டுகொள்ளலாம். வங்கிச் செயலியில் மொத்த இருப்பும் எடுக்கக்கூடிய இருப்பும் வேறுபட்டால் லியன். சில வங்கிகளின் செயலிகள் பிடித்துவைத்த தொகையைத் தனி வரியாகவே காட்டும். இரண்டும் ஒன்றாக இருந்தும் எந்தத் தொகையும் போகவில்லை என்றால் ஒரு ரூபாயை இன்னொருவருக்கு அனுப்பிப் பாருங்கள். போகாவிட்டால் பற்று முடக்கமாக இருக்கலாம். யுபிஐயையும் இணைய வங்கிச் சேவையையும் மட்டும் நிறுத்தியிருப்பதும் உண்டு. அப்போது கிளையில் காசோலை கொடுத்துப் பணம் எடுக்க முடியும். புதிய பங்கு வெளியீட்டுக்கு விண்ணப்பித்திருந்தாலோ, வைப்புத்தொகையின் மேல் கடன் வாங்கியிருந்தாலோ வரும் லியன் வழக்கமானது, அதற்குப் பதற வேண்டாம். தன்னிடம் வாங்கிய கடனுக்காக வங்கி தானே பிடித்துவைக்கும் உரிமையும் 1872ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 171ஆம் பிரிவில் பழங்காலத்திலிருந்தே இருக்கிறது. அந்தச் சண்டையை வங்கியோடு போட வேண்டும். சைபர் லியனில் வங்கி வெறும் கைதான், முடிவெடுப்பது காவல்துறை.

அந்த அதிகாரம் காவல்துறைக்கு எங்கிருந்து வந்தது? குற்றத்தோடு தொடர்புடையதாகச் சந்தேகிக்கப்படும் சொத்தைக் கைப்பற்றலாம் என்றது பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 102ஆம் பிரிவு. 2024 ஜூலை 1 முதல் அதன் இடத்தில் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 106ஆம் பிரிவு நடைமுறையில் இருக்கிறது. வங்கிக் கணக்கும் ஒரு 'சொத்து'தானா என்பதில் உயர் நீதிமன்றங்கள் வேறுபட்டு நின்றன. சொத்துதான் என்று 1999இல் தபஸ் நியோகி வழக்கில் உச்ச நீதிமன்றம் முடிவு சொன்னது. அது யுபிஐ இல்லாத காலம். ஒரு குற்றவாளியின் கணக்கு, அதில் அவர் சேர்த்த பணம் என்ற நிலையில் பிறந்த சட்டம், இன்று நான்காவது லேயரில் பனியன் விற்றவர் மேல் அப்படியே பாய்கிறது.

இதைச் சில உயர் நீதிமன்றங்கள் தெளிவாகவே கண்டிருக்கின்றன. காவல்துறையின் கடிதத்தில் குறிப்பிட்ட தொகைக்கு மட்டுமே முடக்கம் பொருந்தும், மற்றதை வாடிக்கையாளர் பயன்படுத்த வங்கி விட வேண்டும் என்று 2023இல் கேரள உயர் நீதிமன்றம் சொன்னது. 2024இல் சென்னை உயர் நீதிமன்றத்தின் முன் வந்த வழக்கில் ஒன்பது லட்சத்துக்கு மேல் இருந்த கணக்கு ஓராண்டுக்கு மேலாக முடங்கிக் கிடந்தது. சந்தேகத்துக்குரிய தொகை ஏறக்குறைய இரண்டரை லட்சம். எவ்வளவு தொகை, எவ்வளவு காலம் என்று சொல்லாமல் கணக்கு முழுவதையும் முடக்குவது ஒருவரின் தொழில் செய்யும் உரிமையையும் வாழும் உரிமையையும் பாதிக்கிறது என்று கண்ட நீதிமன்றம், இரண்டரை லட்சத்தை இருப்பில் வைத்துக்கொண்டு கணக்கை இயக்க அனுமதித்தது. தமிழ்நாட்டில் இருப்பவர்கள் தாங்கள் எழுதும் கடிதங்களில் இந்த உத்தரவைச் சுட்டிக்காட்டலாம்.

ஒரு வாதத்தை மட்டும் நம்பிவிடக் கூடாது. கைப்பற்றியதை உடனே நீதித்துறை நடுவருக்குத் தெரிவிக்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. தெரிவிக்கவில்லை, ஆகவே முடக்கம் செல்லாது என்று வாதாடுவது பல காலம் பலித்தது. சென்னை உயர் நீதிமன்றத்திலிருந்து மேல்முறையீடாகப் போன ஷென்டோ வர்கீஸ் வழக்கில், தெரிவிக்கத் தாமதமானது என்பதாலேயே முடக்கம் ரத்தாகிவிடாது என்று 2024 மே மாதம் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. தாமதித்த அதிகாரி அதற்குப் பதில் சொல்ல வேண்டியிருக்கலாம், அவ்வளவுதான். குற்றத்தால் வந்த பணத்தை நிறுத்த 106ஆம் பிரிவு போதுமா, அல்லது நீதிமன்றத்தின் வழியாகச் செல்லும் 107ஆம் பிரிவுதான் பொருந்துமா என்ற கேள்வியிலும் நீதிமன்றங்கள் ஒரே குரலில் பேசவில்லை. தொகை அளவுக்கு மட்டும் நிறுத்துங்கள் என்ற கோரிக்கைதான் இன்று உறுதியாக நிற்கும் தரை.

இனி செய்ய வேண்டியது. கணக்கு இருக்கும் கிளைக்குப் போய் வாயால் கேட்டால், 'மேலிடத்திலிருந்து நிறுத்தியிருக்கிறார்கள், எங்களுக்குத் தெரியாது' என்ற பதில்தான் பெரும்பாலும் கிடைக்கும். கிளை ஊழியர் பொய் சொல்லவில்லை. இந்தப் பதிவுகளைப் போடுவதும் எடுப்பதும் வங்கியின் மையப் பிரிவு. அதனால் எழுத்தில் கேட்க வேண்டும், நகலில் கிளையின் முத்திரையும் தேதியும் வாங்க வேண்டும். கடிதம் நீளமாக இருக்க வேண்டியதில்லை. இப்படி எழுதலாம்:

'எனது கணக்கில் பரிவர்த்தனை நிறுத்தப்பட்டுள்ளது. போடப்பட்டிருப்பது லியனா, பற்று முடக்கமா, முழு முடக்கமா என்பதையும், போடப்பட்ட தேதி, தொகை, கேட்டுக்கொண்ட காவல் நிலையம் அல்லது அலுவலகம், புகாரின் ஒப்புகை எண், சந்தேகத்துக்குரிய பரிவர்த்தனையின் யுடிஆர் எண் ஆகியவற்றையும் எழுத்தில் தெரிவிக்குமாறும், தங்களுக்கு வந்த கடிதத்தின் நகலைத் தருமாறும் கேட்டுக்கொள்கிறேன். அக்கடிதத்தில் தொகை குறிப்பிடப்பட்டிருப்பின், அத்தொகைக்கு மட்டும் லியனை வைத்துக்கொண்டு மற்ற இருப்பை இயக்க அனுமதிக்க வேண்டுகிறேன்.'

கடைசி வாக்கியம் முக்கியம். காவல்துறை 6,500 ரூபாயை நிறுத்தச் சொல்லியிருந்தும், பொறுப்பு தன்மேல் வந்துவிடுமோ என்ற அச்சத்தில் வங்கி கணக்கையே முடக்கியிருக்கலாம். அப்படியானால் காவல்துறையிடம் போகாமலேயே பாதி சிக்கல் தீரும். வங்கி முப்பது நாளுக்குள் பதில் தராவிட்டாலோ தந்த பதில் சரியில்லாவிட்டாலோ ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் cms.rbi.org.in தளத்தில் கட்டணமின்றிப் புகார் செய்யலாம். குறைதீர்ப்பாளரால் காவல்துறையின் ஆணையை நீக்க முடியாது. காரணம் சொல்லாமல் இழுத்தடித்தது, கேட்டதைவிட அதிகம் முடக்கியது ஆகிய வங்கியின் தவறுகளைத்தான் அவர் விசாரிப்பார். வங்கி மௌனம் காப்பதற்கு ஒரு சட்டக் காரணமும் இருக்கக்கூடும்: சந்தேகப் பரிவர்த்தனை என்று நிதிப் புலனாய்வுப் பிரிவுக்கு வங்கி அறிக்கை அனுப்பியிருந்தால் அதை வாடிக்கையாளரிடம் வெளியிடக் கூடாது. ஆனால் காவல்துறை கேட்டு முடக்கியதை மறைக்க அது சாக்கு ஆகாது.

யுடிஆர் எண் கிடைத்ததும் கணக்கு அறிக்கையில் அந்தப் பரிவர்த்தனையைத் தேடுங்கள். திருப்பூர் வியாபாரி அந்த 6,500 ரூபாய்க்கான பில், சரக்கு அனுப்பிய ரசீது, வாங்கியவரின் தொலைபேசி எண், அவரோடு நடந்த வாட்ஸ்அப் உரையாடல், தன் ஜிஎஸ்டி பதிவு ஆகியவற்றை ஒன்றாக அடுக்கி, நடந்ததை ஒரே பக்கத்தில் எழுதி, விசாரணை அதிகாரிக்கு மின்னஞ்சலிலும் பதிவுத் தபாலிலும் அனுப்ப வேண்டும். கேட்க வேண்டியது இரண்டு: முடக்கத்தை நீக்குங்கள்; அது இப்போது இயலாவிட்டால் 6,500க்கு மட்டும் லியனாக மாற்றுங்கள். இரண்டாவது கோரிக்கைக்கு அதிகாரி இசைவது எளிது, ஏனென்றால் புகார்தாரரின் பணம் அப்போதும் பத்திரமாகவே இருக்கும். இசைந்தால் அவர் வங்கிக்கு அலுவல் மின்னஞ்சலிலிருந்து எழுத வேண்டும். உங்கள் கையில் கொடுக்கும் தாளை வங்கி ஏற்காமல் போகலாம். விளக்கம் கேட்டோ ஆவணம் கேட்டோ அதிகாரி அறிவிப்பு அனுப்பினால் பதில் சொல்லாமல் இருக்கக் கூடாது. பதில் வராத கணக்கு வாடகைக் கணக்காகத்தான் தெரியும். நேரில் வரச் சொன்னால் ஒரு வழக்கறிஞரைக் கேட்டுவிட்டுச் செல்வது நல்லது.

பில் காட்ட முடியாதவர்களின் நிலை கடினம். இணையத்தில் முன்பின் தெரியாதவருக்குக் கிரிப்டோ விற்று யுபிஐயில் பணம் வாங்கியவர்கள், 'கமிஷன் தருகிறேன், உன் கணக்கில் பணம் வரும், எடுத்துக் கொடு' என்ற பேச்சுக்கு மயங்கிய மாணவர்கள் ஆகியோர் சாட்சியாக அல்ல, சந்தேக நபராகவே பார்க்கப்படுவார்கள். அவர்களுக்குக் கடிதம் போதாது, தொடக்கத்திலிருந்தே வழக்கறிஞர் தேவை.

அதிகாரியிடமிருந்து பதிலே வராவிட்டால் நீதிமன்றம்தான். கைப்பற்றிய சொத்தை விடுவிக்கக் கோரி, விசாரிக்கும் காவல் நிலையத்தின் எல்லைக்குள் இருக்கும் நடுவரிடம் சன்ஹிதாவின் 503ஆம் பிரிவின் கீழ் மனு போடலாம். பழைய சட்டத்தில் இது 457ஆம் பிரிவு. ஆனால் ஜெய்ப்பூர் நடுவர் முன் திருப்பூர்க்காரர் ஆறாயிரத்துச் சொச்சத்துக்காக நிற்பது நடக்கிற காரியமில்லை. வங்கிக் கிளை தமிழ்நாட்டில் இருப்பதை வைத்து, அரசமைப்பின் 226ஆம் பிரிவின் கீழ் சென்னை உயர் நீதிமன்றத்திலோ மதுரைக் கிளையிலோ ரிட் மனு தாக்கல் செய்வது நடைமுறைக்கு ஏற்றது. வங்கிக்கும் காவல்துறைக்கும் அனுப்பிய கடிதங்கள், முத்திரை பதித்த நகல்கள், தபால் ரசீதுகள்தான் அந்த மனுவின் முதுகெலும்பு.

இதற்கிடையே இன்னொரு வங்கிக் கணக்கின் எண்ணை வாடிக்கையாளர்களுக்குக் கொடுத்து வரவை அங்கே வாங்குவதில் தவறில்லை. சம்பளக்காரர்கள் நிறுவனத்திடம் சொல்லிக் கணக்கை மாற்றிக்கொள்ளலாம். தவணை திரும்புவதற்கு முன்பே கடன் கொடுத்த நிறுவனத்துக்கு முடக்கம் பற்றிய கடிதத்தின் நகலோடு எழுதிவிட வேண்டும். 'நான் கணக்கைத் திறந்து தருகிறேன்' என்று தொலைபேசியில் வருபவர் காவலர் என்று சொன்னாலும், வங்கி ஊழியர் என்று சொன்னாலும் பணம் கொடுக்காதீர்கள். முடக்கப்பட்டவர்களைத் தேடி வரும் இரண்டாவது மோசடி அது. புகார்தாரர் என்று யாரோ அழைத்துப் பணத்தைத் திருப்பி அனுப்பச் சொன்னாலும் அனுப்பாதீர்கள். அவர்தான் புகார்தாரரா என்பது உங்களுக்குத் தெரியாது; அனுப்பிய பிறகும் லியன் அப்படியே இருக்கும். திருப்பித் தருவதாக இருந்தால் விசாரணை அதிகாரியின் எழுத்தோடு, வங்கியின் வழியாக மட்டுமே தர வேண்டும்.

கடை வைத்திருப்பவர்கள் தொழில் வரவுக்கு ஒரு கணக்கும் சேமிப்புக்கு வேறு வங்கியில் ஒரு கணக்கும் வைத்து, வரவுக் கணக்கில் சேரும் பணத்தை அவ்வப்போது சேமிப்புக்கு மாற்றிவிடுங்கள். சிறிய விற்பனைக்கும் பில் போட்டு, வாங்கியவரின் எண்ணைக் குறித்துவையுங்கள்.

காவல்துறையும் வங்கிகளும் செய்ய வேண்டியவையும் இரண்டு இருக்கின்றன. முதல் லேயரைத் தாண்டிய கணக்குகளில், உடந்தை என்பதற்குத் தனிச் சான்று இல்லாதவரை, வந்து சேர்ந்த தொகைக்கு மட்டும் லியன் போட வேண்டும். போட்ட அன்றே தொகை, காவல் நிலையம், ஒப்புகை எண் மூன்றையும் குறுஞ்செய்தியில் வாடிக்கையாளருக்குத் தெரிவிக்க வேண்டும்.